மதுரையிலிருந்து தாம்பரம், வண்டி ஓட்ட ஒருவர் மட்டும்: இரவா, விடியலா, திருச்சியில் தங்கலா?

சென்ற மாதம் என் தங்கை மகன் ஒத்தக்கடை வீட்டிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டான். தாம்பரத்தில் அவன் மைத்துனிக்கு ஞாயிறு காலை பத்து மணிக்கு வளைகாப்பு. காரில் அவன், மனைவி, நான்கு வயது மகள், அவன் அம்மா. ஓட்டத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். "மாமா, வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்பினால் விடிவதற்குள் தாம்பரம் போய்விடலாம். சனிக்கிழமை முழுவதும் கையில் இருக்கும். சரிதானே?" என்று கேட்டான்.

உடனே பதில் சொல்லவில்லை. அன்று மாலை அவன் வீட்டுக்கே போய், அவன் மகளின் ஓவிய நோட்டில் ஒரு பக்கத்தை வாங்கி, இரவு, விடியல், மதியம், நடுவில் தங்குவது என்ற நான்கு வழிகளையும் மணிக்கணக்கோடு எழுதிப் பார்த்தோம். மதுரைப் பக்கத்திலிருந்து சென்னைக்குத் தனியாக ஓட்டிப் போகிற எவருக்கும் அந்தக் கணக்கு பொருந்தும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எல்லா வழிக்கும் பொதுவான கணக்கு. ஒத்தக்கடையிலிருந்து தாம்பரம் ஏறத்தாழ 435 கிலோமீட்டர். கைபேசி வரைபடம் சொல்கிற நேரம் வண்டி நிற்காமல் ஓடுகிற நேரம். வயதானவரும் குழந்தையும் இருக்கிற வண்டிக்கு அது பயண நேரம் ஆகாது. நாற்கரச் சாலைதான் என்றாலும், சுங்கச்சாவடி வரிசை, ஊர் நடுவே வரும் குறுக்குச் சாலைகள், திருச்சியைச் சுற்றுவது எல்லாம் சேர்ந்து சராசரி வேகத்தை மணிக்கு 70 கிலோமீட்டர் அளவுக்கு இறக்கிவிடும். செங்கல்பட்டைத் தாண்டிய பிறகு அதுவும் கிடைக்காது. சிங்கப்பெருமாள் கோவில், கூடுவாஞ்சேரி, வண்டலூர், பெருங்களத்தூர் வழியாகப் போகிற கடைசி முப்பது கிலோமீட்டருக்கு நல்ல நேரத்தில் ஐம்பது நிமிடம், கெட்ட நேரத்தில் ஒன்றரை மணி நேரம். ஆக, ஓட்டும் நேரம் மட்டுமே ஆறரை மணி. மூன்று இடத்தில் நிறுத்தினால் மொத்தம் எட்டு மணி நேரம்.

"கொஞ்சம் வேகமாகப் போனால்?" என்றான். அதையும் போட்டுப் பார்த்தோம். இந்தப் பாதையில் உண்மையாகவே தடையில்லாமல் ஓட்டக் கிடைப்பது ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அதை 90இல் ஓட்டினால் மூன்று மணி இருபது நிமிடம், 100இல் ஓட்டினால் மூன்று மணி. மிச்சம் இருபது நிமிடம், அதாவது ஒரு தேநீர் நிறுத்தம். அந்த நிறுத்தத்தை விட்டுவிட்டு அதே இருபது நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது அவன் கேட்ட இரவுப் பயணம். அதற்கு உள்ள நன்மைகளை மறைக்கக் கூடாது. வெயில் இல்லை. குழந்தை தூங்கிவிடும். சாலை காலியாக இருக்கும். பத்து மணிக்குக் கிளம்பினால் பெருங்களத்தூரை அதிகாலை ஐந்து மணியை ஒட்டி நெரிசல் இல்லாமல் கடந்துவிடலாம். மற்ற மூன்று வழிகளிலும் இந்த வசதி கிடையாது.

ஆனால் கடிகாரத்தை எங்கிருந்து ஓடவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவன் பத்து மணியிலிருந்து எண்ணினான். நான் காலை ஆறு மணியிலிருந்து எண்ணச் சொன்னேன். அவன் அன்று கண் விழித்தது ஆறு மணிக்கு. கே.கே.நகரில் அலுவலகம், மாலையில் வீடு, மூட்டை கட்டுவது என்று எல்லாம் முடித்து வண்டியில் சாவியைப் போடும்போதே அவன் விழித்துப் பதினாறு மணி நேரம் ஆகியிருக்கும். பதினொரு மணிக்குத் துவரங்குறிச்சியை நெருங்கும்போது பதினேழு மணி நேரம். தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும் ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் அளவுக்குத் தடுமாறுகின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் அளந்து காட்டினார்கள். நம் நாட்டுச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே குடித்துவிட்டு ஓட்டிய குற்றம். அப்படியானால் திருச்சி வருவதற்கு முன்பே, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத என் மருமகன் அந்த எல்லையைத் தாண்டிய ஒருவரைப் போல ஓட்டிக்கொண்டிருப்பான். மீதி முந்நூறு கிலோமீட்டர் அதற்குப் பிறகுதான் வருகிறது.

அதோடு முடியவில்லை. மனித உடம்பு ஒரு நாளில் இரண்டு முறை தூக்கத்துக்குத் தாழ்கிறது. பெரிய தாழ்வு இரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை. சின்னத் தாழ்வு பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை. இரவுப் பயணத்தில் உளுந்தூர்பேட்டைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே போகும்போது மணி மூன்றை நெருங்கும். விழித்து இருபத்தொரு மணி நேரம் ஆன உடம்பு, உள்ளதிலேயே ஆழமான தாழ்வில், இருட்டில், எல்லாரும் தூங்குகிற வண்டியில் தனியாக விழித்திருக்க வேண்டும்.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு இதே சாலையில் இதே கணக்கில் நானும் ஓட்டினேன். வேப்பூரைத் தாண்டியிருந்தேன். முன்னால் ஒரு தார்ப்பாய் கட்டிய லாரி, பின்விளக்கு எரியாமல், பாதி உடம்பு சாலைக்குள் இருக்க நின்றுகொண்டிருந்தது. என் கண் திறந்துதான் இருந்தது. லாரி தெரிந்தது. ஆனால் அது நிற்கிறது என்பது மண்டையில் ஏறவில்லை. பக்கத்தில் இருந்த என் மனைவி "ஏங்க!" என்று அலறிய பிறகுதான் கை வளைத்தது. இடது பக்கக் கண்ணாடி மட்டும் தார்ப்பாய்க் கயிற்றில் உரசி மடங்கியது. வண்டியை ஓரங்கட்டிய பிறகு அவள் கேட்டாள்: "திருமாந்துறை டோல்கேட்டில் அந்தப் பையன் என்ன சொன்னான்?" எனக்குத் திருமாந்துறையைக் கடந்ததே நினைவில்லை. அங்கே வண்டியை நிறுத்தி, பணம் கொடுத்து, மீதி வாங்கிப் பையில் போட்டிருக்கிறேன். எதுவும் நினைவில் இல்லை.

அன்றிலிருந்து நான் எல்லாரிடமும் சொல்லும் முதல் அடையாளம் இதுதான். கொட்டாவியும் கண் எரிச்சலும் எல்லாருக்கும் தெரியும்; அவற்றை நாம் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறோம். கடைசியாகக் கடந்த ஊர் நினைவுக்கு வரவில்லை என்றால் மூளை ஏற்கெனவே சில நொடிகள் விட்டு விட்டுத் தூங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இன்னொரு அடையாளம் வேகமானி: 90இல் போய்க்கொண்டிருப்பதாக நீங்கள் நினைக்க, முள் 70இல் நிற்கும், திடுக்கிட்டு அழுத்துவீர்கள், மறுபடி இறங்கும். மூன்றாவது, ஓரக் கோட்டில் சக்கரம் ஏறிய பிறகு சட்டென்று ஸ்டீயரிங்கைத் திருப்புவது. மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 25 மீட்டர். நான்கு நொடி கண் அயர்ந்தால் நூறு மீட்டர் தூரத்தை ஓட்டுநர் இல்லாத வண்டி கடந்திருக்கும்.

"ஜன்னலைத் திறந்துவிட்டுப் பாட்டைச் சத்தமாக வைத்தால் போகாதா மாமா?" என்றான். போகாது. இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில் தூக்கக் கலக்கமுள்ள ஓட்டுநர்களை வைத்து இதைச் சோதித்தே பார்த்தார்கள். குளிர்காற்றும் வானொலியும் கொஞ்ச நேரத்துக்கு மேல் உதவவில்லை. உதவியது காபியும் குட்டித் தூக்கமும். அதைச் செய்கிற வரிசை முக்கியம். வண்டியை பெட்ரோல் பங்க் அல்லது உணவகத்தின் வளாகத்துக்குள் நிறுத்துங்கள்; நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தவே கூடாது, நான் பார்த்த லாரியாக நீங்கள் ஆகிவிடுவீர்கள். இன்ஜினை அணைத்து, கண்ணாடியைச் சற்று இறக்கிவிடுங்கள். முதலில் ஒரு நல்ல காபியைக் குடியுங்கள். குடித்த கையோடு இருக்கையைச் சாய்த்து, இருபது நிமிடத்துக்கு அலாரம் வைத்துக் கண்ணை மூடுங்கள். காபி வேலை செய்யத் தொடங்க இருபது, முப்பது நிமிடம் ஆகும். நீங்கள் எழும்போது அது வந்து சேர்ந்திருக்கும். அரை மணிக்கு மேல் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கி, எழுந்த பிறகு கால் மணி நேரம் தலை கனத்துக் கிடக்கும். எழுந்ததும் இறங்கி ஐந்து நிமிடம் நடந்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். இது அடுத்த ஊர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற கைவைத்தியம். ஒரு ராத்திரித் தூக்கத்தை இதை வைத்து ஈடுகட்ட முடியாது. இரண்டாவது முறையும் தேவைப்பட்டால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

இரவுப் பயணத்தில் சனிக்கிழமை மிச்சமாகும் என்று அவன் சொன்னதையும் கணக்குப் பார்த்தோம். ஐந்து மணிக்குச் சேர்ந்து, குளித்து, படுத்து எழுந்தால் மணி பதினொன்று ஆகிவிடும். விடியலில் கிளம்பினால் தாம்பரம் சேர்வது ஒன்றரை மணிக்கு. உண்மையில் மிச்சம் இரண்டரை மணி நேரம். இதற்காகத்தான் இத்தனையும்.

இரண்டாவது வழி, சனிக்கிழமை அதிகாலைப் பயணம். இதில் மதுரைக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, கோழி கூவும் முன்பே கிளம்புவது. நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்றால் மூன்று மணிக்கு எழ வேண்டும். வெள்ளி இரவு எந்த வீட்டில் ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்கிறார்கள்? பதினொன்றுக்குப் படுத்து மூன்றுக்கு எழுந்தால் நான்கு மணி நேரத் தூக்கம். அதோடு முதல் இரண்டு மணி நேரம் அந்தப் பெரிய தாழ்வுக்குள்ளேயே ஓட்ட வேண்டும். இரவுப் பயணத்தின் பாதிக் கெடுதல் இதிலும் வந்துவிடுகிறது. ஆகவே ஐந்தரை மணி என்று வைத்தோம். பத்து மணிக்குப் படுக்கை, நாலரைக்கு எழுச்சி. வெள்ளி மாலையில் மூட்டை கட்டும் வேலையில் அவனைச் சேர்க்கக் கூடாது என்று அவன் மனைவியிடமும் என் தங்கையிடமும் கேட்டுக்கொண்டேன். அவர்கள் வியாழக்கிழமையே கட்டி வைத்துவிட்டார்கள்.

நிறுத்தங்களைப் பசி வருகிற இடத்தில் வைக்காமல், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என்று வைத்தோம். ஐந்தரைக்குக் கிளம்பினால் காவிரியைக் கடந்து சமயபுரத்தருகே ஏழு முப்பத்தைந்து. அங்கே காலை உணவு, நாற்பது நிமிடம். வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. இரண்டு இட்லி, ஒரு காபி போதும். எட்டேகாலுக்குக் கிளம்பி உளுந்தூர்பேட்டையில் ஒன்பது ஐம்பத்தைந்து, இருபது நிமிடம். அங்கிருந்து ஒன்றரை மணியில் மேல்மருவத்தூர், பதினொன்றே முக்காலுக்கு. அங்கே மறுபடி இருபது நிமிடம்.

இந்த மூன்றாவது நிறுத்தத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "இன்னும் எழுபது கிலோமீட்டர்கூட இல்லை, வீட்டில் போய்க் குடித்துக்கொள்ளலாம்" என்பார்கள். ஆனால் அந்த மிச்ச தூரத்தில்தான் பாதையின் மிகக் கடினமான பகுதி இருக்கிறது. ஐந்து மணி நேரம் நேராக ஓட்டிப் பழகிய கை, திடீரென்று மாநகரப் பேருந்துகளுக்கும் குறுக்கே வரும் இருசக்கர வாகனங்களுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். போய்ச் சேர்ந்துவிட்டோம் என்ற நினைப்பே கவனத்தைத் தளர்த்தும். மேல்மருவத்தூரில் இறங்கி முகம் கழுவி, பத்து நிமிடம் நடந்துவிட்டுப் போனால் பெருங்களத்தூரில் அவசரம் வராது. பன்னிரண்டு ஐந்துக்குக் கிளம்பி ஒன்று இருபத்தைந்துக்குத் தாம்பரம். ஓட்டியது ஆறு மணி முப்பத்தைந்து நிமிடம், நின்றது ஒரு மணி இருபது நிமிடம். சேரும்போது அவன் விழித்து ஒன்பது மணி நேரம்தான் ஆகியிருக்கும். வழியில் டயர் பஞ்சராகி ஒரு மணி நேரம் போனாலும் வெளிச்சம் இருக்கும்.

மதிய உணவுக்குப் பிறகு கிளம்பும் வழியை நாங்கள் நீண்ட நேரம் பேசவில்லை. நன்றாகத் தூங்கி எழலாம் என்பது உண்மை. ஆனால் சோறு சாப்பிட்டுவிட்டு ஒன்றரைக்குக் கிளம்பினால், பிற்பகல் தாழ்வு முழுவதும் வாகனம் குறைந்த, நேரான துவரங்குறிச்சி, விராலிமலைச் சாலையில் போகும். விழுப்புரத்தில் இருட்டிவிடும். எதிர்ப்பக்க முகப்பு விளக்குகள் கண்ணைக் கூசவைக்கும் நேரத்தில் சனிக்கிழமை மாலை நெரிசலோடு சென்னைக்குள் நுழைய வேண்டும். ஒன்பதே முக்காலுக்கு முன்பு சேர முடியாது. வேறு வழியே இல்லாதவர்கள் மதியம் இருபது நிமிடம் படுத்து எழுந்து மூன்று மணிக்குக் கிளம்பட்டும். ஒன்றரை மணி தாமதமானாலும் அது மேல்.

நான்காவது, நடுவில் தங்குவது. வெள்ளி மாலை ஏழு மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்குத் திருச்சி, அங்கே ஓர் அறை, மறுநாள் ஆறேகாலுக்குக் கிளம்பி நண்பகலில் தாம்பரம். பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் போகும்போது இது அவனுக்கு வேண்டாம் என்றேன். அறை வாடகையும் தூங்கும் குழந்தையைத் தூக்கி இறக்கும் பாடும் கொடுத்து, விடியல் பயணத்தைவிட ஒன்றரை மணி நேரம்தான் முன்னதாகச் சேர்கிறோம். சனிக்கிழமை மதியம் அங்கே அவசர வேலை எதுவும் இல்லை. கோயம்பேட்டைத் தாண்டி, ஆந்திர எல்லை வரைக்கும் போகிறவர்களுக்கு இந்த வழி பொருந்தும். ஓட்டும் நேரம் எட்டு மணியைத் தாண்டினால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். சம்பளத்துக்கு ஓட்டும் தொழிலாளருக்கே, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி ஓய்வு என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வரம்பு வைத்தது. தினமும் அதே வேலையைச் செய்து பழகியவர்களுக்கு வைத்த அளவு அது.

விடியல் என்று முடிவானது. நோட்டை மூடப் போனான். "திரும்பி வருவது?" என்று கேட்டேன். அவன் யோசித்தே பார்க்கவில்லை. "ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று, மூன்றரைக்குக் கிளம்பினால் ராத்திரி பதினொன்றுக்கு வந்துவிடலாம். திங்கள் பத்து மணிக்கு அலுவலகம்" என்றான்.

எழுதிப் பார்த்தோம். விசேஷ வீட்டில் ஐந்தரைக்கு எழுந்திருப்பான். விருந்து முடிந்து மூன்றரைக்குக் கிளம்பி, மேல்மருவத்தூரில் ஒரு நிறுத்தம், உளுந்தூர்பேட்டையில் இரவு உணவு என்று வந்தால் திருச்சியில் மணி ஒன்பது. விழித்துப் பதினைந்தரை மணி நேரம். இன்னும் 130 கிலோமீட்டர் பாக்கி. ஒரு தேநீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தால் பத்தரை மணிக்கு, பதினேழாவது மணி நேரத்தில், துவரங்குறிச்சி. வெள்ளி இரவு எந்த இடத்துக்காகப் பயந்து இரவுப் பயணத்தைத் தள்ளினோமோ அதே இடம், ஏறத்தாழ அதே உடம்பு. வீடு நெருங்கிவிட்டது என்பதால் நிறுத்தவும் மனம் வராது.

போகும்போது வேண்டாம் என்ற திருச்சி அறையை இங்கே வைத்தோம். ஒன்பதேகாலுக்கு அறை, பத்தேகாலுக்குப் படுக்கை, திங்கள் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் ஒத்தக்கடை. குளித்துச் சாப்பிட்டுப் பத்து மணிக்கு அலுவலகம் போகலாம். விடுப்பு எடுக்கத் தேவையில்லை. "ஒரு ராத்திரிக்கு அறை வாடகை தண்டம்" என்று என் தங்கை முனகினாள். உன் முட்டி வலிக்குக் கால் நீட்டிப் படுக்க வேண்டுமே என்று சொன்ன பிறகு சம்மதித்தாள். இன்னொன்றையும் அவளிடம் ஒப்படைத்தேன்: திரும்பும்போது முன் இருக்கை அவளுக்கு, ஓட்டுகிறவன் விழித்திருக்கும்வரை அவளும் தூங்கக் கூடாது, ஒவ்வொரு சுங்கச்சாவடியும் தாண்டிக் கொஞ்ச நேரம் கழித்து அந்த ஊர்ப் பெயரை அவனிடம் கேட்க வேண்டும்.

ஞாயிறு இரவு ஒன்பதரைக்குத் திருச்சியிலிருந்து அவள் பேசினாள். சமயபுரத்தில் கேட்டபோது செங்குறிச்சி என்று சரியாகச் சொன்னானாம், திருமாந்துறையை விட்டுவிட்டானாம். அறைக்குள் நுழைந்தவன் சட்டையைக்கூட மாற்றாமல் தூங்கிவிட்டான் என்றாள்.